ஷீட் ஒன்று சொல்கிறது, சைட் வேறு சொல்கிறது: கிரிட்டிக்கல் பாத் கணக்கில் வரும் கோளாறுகள்

கடலூர் செம்மண்டலத்தில் ஒரு தரைத்தள வீடு. சுவர் லிண்டல் வரை ஏறி நிற்கிறது. "இதுக்கு மேல பெயின்ட் முடியிற வரைக்கும் எத்தனை நாள்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். ஞாயிறு விடுமுறை, மற்ற ஆறு நாளும் வேலை. தொடக்கம் 2025 ஜூலை 7, திங்கள். சரியாகப் போட்ட கணக்கை முதலில் காட்டிவிடுகிறேன். கோளாறுகளை இதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கப் போகிறோம்.

| எண் | வேலை | நாள் | முன்வேலை | ES | EF | LS | LF | ஃப்ளோட் |
|---|---|---|---|---|---|---|---|---|
| 1 | லிண்டலுக்கு மேல் சுவர் | 4 | – | 0 | 4 | 0 | 4 | 0 |
| 2 | சென்ட்ரிங், கம்பி | 8 | 1 | 4 | 12 | 4 | 12 | 0 |
| 3 | தளம் கான்கிரீட் | 1 | 2 | 12 | 13 | 12 | 13 | 0 |
| 4 | முட்டு நிற்கும் காலம் | 12 | 3 | 13 | 25 | 13 | 25 | 0 |
| 5 | முட்டு பிரிப்பது | 2 | 4 | 25 | 27 | 25 | 27 | 0 |
| 6 | சுவரில் காடி வெட்டி பைப் | 3 | 5 | 27 | 30 | 27 | 30 | 0 |
| 7 | உட்பூச்சு | 8 | 6 | 30 | 38 | 30 | 38 | 0 |
| 8 | தரை டைல்ஸ் | 6 | 7 | 38 | 44 | 38 | 44 | 0 |
| 9 | கைப்பிடிச்சுவர் | 3 | 5 | 27 | 30 | 37 | 40 | 10 |
| 10 | வெளிப்பூச்சு | 6 | 9 | 30 | 36 | 40 | 46 | 10 |
| 11 | கதவு, ஜன்னல் தயாரிப்பு | 25 | – | 0 | 25 | 19 | 44 | 19 |
| 12 | கதவு மாட்டுவது | 2 | 8, 11 | 44 | 46 | 44 | 46 | 0 |
| 13 | பெயின்ட் | 8 | 10, 12 | 46 | 54 | 46 | 54 | 0 |

ES, EF இரண்டும் ஒரு வேலையை எவ்வளவு சீக்கிரம் தொடங்கலாம், முடிக்கலாம் என்பவை. LS, LF இரண்டும் மொத்த வேலையைத் தள்ளிப்போடாமல் எவ்வளவு தாமதமாகத் தொடங்கலாம், முடிக்கலாம் என்பவை. LS-இலிருந்து ES-ஐக் கழித்தால் ஃப்ளோட். ஃப்ளோட் பூஜ்யமாக உள்ள வேலைகளின் சங்கிலிதான் கிரிட்டிக்கல் பாத். இங்கே மொத்தம் 54 வேலைநாள். ஷீட்டில் வேலை 1 இரண்டாவது வரியில் தொடங்குகிறது. C-யில் நாள், D முதல் G வரை ES, EF, LS, LF. சூத்திரங்கள் இவ்வளவுதான்:

```
EF (வேலை 1):   E2  =D2+C2
LS (வேலை 1):   F2  =G2-C2
ES (வேலை 12):  D13 =MAX(E9,E12)
LF (வேலை 5):   G6  =MIN(F7,F10)
```

அறிகுறி: கிரிட்டிக்கல் பாத் நடுவில் பிறக்கிறது

கோளாறான ஷீட் இப்படிக் காட்டும்: காடி வெட்டுவதிலிருந்து பெயின்ட் வரை ஃப்ளோட் பூஜ்யம். அதற்கு முந்தைய வேலைகள் 1 முதல் 5 வரை எல்லாவற்றுக்கும் ஃப்ளோட் 10. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல செய்தி மாதிரி இருக்கும்: "அவசரம் இல்லை, சென்ட்ரிங் பத்து நாள் கழித்து அடிக்கலாம்." அப்படி இருக்கவே முடியாது. வேலை 1 பத்து நாள் தள்ளினால் பெயின்ட்டும் பத்து நாள் தள்ளும். இடையில் அதை உறிஞ்சிக்கொள்ள ஒன்றும் இல்லை.

கோளாறு முட்டு பிரிக்கும் வரியில். அதற்கு இரண்டு பின்வேலைகள்: காடி வெட்டுவது (LS 27), கைப்பிடிச்சுவர் (LS 37). பின்னோக்கி வரும்போது இரண்டில் சிறியதைத்தான் எடுக்க வேண்டும். அவசரக்காரன் எவனோ அவனுக்காகத்தானே முட்டைப் பிரிக்க வேண்டும்? G6-இல் `MIN` இருக்க வேண்டிய இடத்தில், மேலே உள்ள ES சூத்திரத்தை நகலெடுத்து `MAX` விழுந்திருக்கும். அல்லது கடைசியாகச் சேர்த்த கைப்பிடிச்சுவரை மட்டும் காட்டி `=F10` என்று நிற்கும். 27-க்குப் பதில் 37 வந்ததும், அதற்கு மேலே உள்ள எல்லா வரியிலும் அந்தப் பத்து ஏறிக்கொள்கிறது.

இதைக் கண்டுபிடிக்கச் சூத்திரத்தைத் தோண்டவே வேண்டாம். ஃப்ளோட் பூஜ்யமாக உள்ள வேலைகளின் நாட்களைக் கூட்டுங்கள்: 4+8+1+12+2+3+8+6+2+8 = 54. மொத்த நாளுக்குச் சமமாக வந்தால் சங்கிலி முழுசாக இருக்கிறது. குறைந்தால் எங்கோ அறுந்திருக்கிறது. அதிகமானால் இரண்டு சங்கிலி சம நீளத்தில் ஓடுகின்றன என்று அர்த்தம்; அது தப்பில்லை, ஆனால் இரண்டையும் கண்காணிக்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: மொத்தம் 64 என்று காட்டுகிறது, ஃப்ளோட் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது

"முதல் நாள் என்பது 1 தானே" என்று வேலை 1-இன் ES-ஐ 1 என்று போட்டுவிட்டு, EF-க்கு 1+4 = 5 என்று எழுதி, அடுத்த வேலையை மறுநாள் 6-இல் தொடங்கினால் இதுதான் கதி. நான்கு நாள் வேலை ஷீட்டில் 1, 2, 3, 4, 5 என்று ஐந்து நாளைத் தின்றுவிடுகிறது. சங்கிலியில் பத்து வேலை; ஒவ்வொன்றும் ஒரு நாள் கூடுதலாகத் தின்றதால் பத்து நாள் அதிகம். உபரி நாளும் சங்கிலியில் உள்ள வேலைகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் நோய் இதுதான், சந்தேகமே வேண்டாம்.

பின்னோக்கியும் அதே தப்பைச் செய்வதால் பூஜ்யங்கள் பூஜ்யமாகவே நிற்கும். அதனால்தான் கண்ணில் படாது. ஆனால் வெளிப்பூச்சின் ஃப்ளோட் 10 இல்லாமல் 12 என்று வரும், ஏனென்றால் முட்டு பிரிப்பதற்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் உள்பக்கச் சங்கிலியில் நான்கு வேலை, வெளிப்பக்கத்தில் இரண்டுதான்.

நான் எண்களை "அன்றைய மாலை" என்று வைத்துக்கொள்கிறேன். 0 என்றால் தொடங்குவதற்கு முந்தைய மாலை, 4 என்றால் நான்காவது வேலைநாளின் மாலை. ஒரு வேலை முடிந்த அதே மாலையில் அடுத்தது "தொடங்குகிறது". கணக்கு முழுதும் இப்படியே போகும். தேதியாக மாற்றும்போது தொடங்கும் தேதிக்கு மட்டும் ஒன்று கூட்டினால் போதும். L1-இல் தொடக்கத் தேதி, M பத்தியில் விடுமுறைகள்:

```
தொடங்கும் தேதி:  I2 =WORKDAY.INTL($L$1-1,D2+1,11,$M$2:$M$9)
முடியும் தேதி:    J2 =WORKDAY.INTL($L$1-1,E2,11,$M$2:$M$9)
```

அந்த 11 என்பது "ஞாயிறு மட்டும் விடுமுறை" என்பதற்கான எண். அதை விட்டுவிட்டால் சனிக்கிழமையும் விடுமுறையாகிவிடும். எந்த மேஸ்திரியும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆகஸ்ட் 15, விநாயகர் சதுர்த்தி ஆகஸ்ட் 27 இரண்டையும் விடுமுறையாகப் போட்டால் 54-ஆவது நாள் செப்டம்பர் 9, செவ்வாய்.

அறிகுறி: ஒரு சின்ன வேலைக்கு மட்டும் நம்பமுடியாத ஃப்ளோட்

இதில் நானே மாட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வேறொரு வீட்டுக்கு இதே மாதிரி ஷீட் போட்டபோது, உட்பூச்சுக்கு முன்வேலை "முட்டு பிரிப்பது" என்று எழுதினேன். தப்பில்லை, முட்டு நிற்கும்போது உள்ளே பூச முடியாது. காடி வெட்டுவதற்கும் முன்வேலை அதேதான். இரண்டும் உண்மை. ஆனால் காடிக்கும் பூச்சுக்கும் நடுவில் உள்ள உறவை எழுதவில்லை.

மேலே உள்ள எண்களில் அந்தத் தப்பை ஏற்றிப் பாருங்கள். உட்பூச்சு 27-இலேயே தொடங்கி 35-இல் முடியும். மொத்தம் 51 நாளாகிவிடும். காடி வெட்டும் வேலைக்குப் பின்வேலையே இல்லை என்பதால், அதன் LF நேராகக் கடைசி நாளான 51-க்குப் போய் ஒட்டிக்கொள்ளும். EF 30. ஆக ஃப்ளோட் 21.

அந்த வீட்டில் எலக்ட்ரீஷியனிடம் அச்சடித்த தாளைக் கொடுத்தேன். அவர் தன் வரியைப் பார்த்தார், இதே மாதிரி நிறைய நாள் இருக்கிறது என்றதும் வேறு ஒரு சைட்டை முடித்துவிட்டு நிதானமாக வந்தார். அதற்குள் இரண்டு அறை பூச்சு முடிந்து, தண்ணீர் விட்டு ஈரம் காயாமல் இருந்தது. சுவிட்ச் பெட்டிக்கும் பைப்புக்கும் கட்டர் வைத்துப் புதுப் பூச்சைக் கிழித்தார்கள். ஒட்டுப் போட்ட கோடு பெயின்ட்டுக்குப் பிறகும் விரிசலாகத் தெரிந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயே இல்லை, தாளில் அப்படித்தான் இருந்தது.

அன்றிலிருந்து தாளைக் கொடுப்பதற்கு முன் LF பத்தியை மட்டும் ஒரு முறை மேலிருந்து கீழே பார்ப்பேன். கடைசி வேலையைத் தவிர வேறு எதன் LF-ஆவது மொத்த நாளுக்குச் சமமாக இருந்தால், அது நூல் அறுந்த பட்டம். "இந்த வேலை முடியாவிட்டால் யார் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்?" என்று கேட்டால் விடுபட்ட பின்வேலை தானாக வரும். யாருமே நிற்கமாட்டார் என்றால்தான் அதை அப்படியே விடலாம். எனக்கு அப்படி ஒன்று அமைந்ததே இல்லை.

கவனியுங்கள், இணைப்பைச் சேர்த்ததும் 51 என்பது 54 ஆகிறது. ஃப்ளோட் அதிகம் என்று தோன்றிய வேலை கிரிட்டிக்கல் பாத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. மூன்று நாள் கூடியதாக வீட்டுக்காரருக்குத் தோன்றும். உண்மையில் அந்த மூன்று நாள் எப்போதும் இருந்தது, ஷீட்டுக்குத்தான் தெரியவில்லை.

அறிகுறி: ஷீட் சொல்வதற்கு முன்பே சென்ட்ரிங்காரர் வந்து நிற்கிறார்

முட்டு ஆகஸ்ட் 7 பிரிக்கலாம் என்று ஷீட் காட்டும். சென்ட்ரிங்காரர் 5-ஆம் தேதியே வந்து, "பதினாலு நாள் நேத்தோட முடிஞ்சுது சார், தகடு அடுத்த சைட்டுக்குப் போகணும்" என்பார். அவர் சொல்வதுதான் சரி.

கான்கிரீட் போட்ட நாள் ஜூலை 21. ஐ.எஸ். 456:2000 படி, 4.5 மீட்டருக்கு மேல் அகலமுள்ள தளத்துக்கும், 6 மீட்டர் வரை நீளமுள்ள பீமுக்கும் முட்டு 14 நாள் நிற்க வேண்டும். 4.5 மீட்டருக்குள் அடங்கும் வெறும் தளம் என்றால் 7 நாள் போதும். இந்த வீட்டில் பீம் இருக்கிறது, அதனால் 14. இவை சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கான கணக்கு. வேறு சிமென்ட் என்றால் காலத்தை அதற்கேற்ப மாற்றச் சொல்கிறது அதே விதி. இந்த 14 நாள் நாட்காட்டி நாள். கான்கிரீட் ஞாயிற்றுக்கிழமை லீவு எடுப்பதில்லை. சவுக்கு முட்டாக இருந்தாலும் இரும்பு ஜாக்கியாக இருந்தாலும் ஞாயிறன்றும் நின்றுகொண்டுதான் இருக்கும்.

ஷீட்டோ வேலைநாளை எண்ணுகிறது. C5-இல் 14 என்று போட்டால் ஞாயிறுகளைத் தள்ளிவிட்டு 14 எண்ணும். தொடர்ச்சியான 14 நாளில் எந்தக் கிழமையில் தொடங்கினாலும் சரியாக இரண்டு ஞாயிறு வரும், ஆகவே வேலைநாளாக அது 12. ஜூலை 22 முதல் ஆகஸ்ட் 4 வரை காத்திருப்பு, 5-ஆம் தேதி பிரிக்கலாம். முட்டு கிரிட்டிக்கல் பாத்தில் இருப்பதால் இந்த இரண்டு நாள் தப்பு அப்படியே கடைசித் தேதிவரை போகும், வாடகையும் இரண்டு நாள் கூடும்.

12 என்று கையால் போடுவதும் முழுத் தீர்வு இல்லை. காத்திருப்புக்குள் ஒரு பண்டிகை விழுந்தால் 11 ஆகிவிடும். மழையால் கான்கிரீட் தள்ளிப்போய் ஆகஸ்ட் 15 உள்ளே வந்தால் அதுதான் நடக்கும். ஷீட்டையே எண்ணவிடுங்கள்:

```
C5 =NETWORKDAYS.INTL(J4+1,J4+14,11,$M$2:$M$9)
```

J4 என்பது கான்கிரீட் போட்டு முடித்த தேதி. தண்ணீர் விட்டுப் பதப்படுத்தும் நாள், பூச்சு காயும் நாள் என்று ஆள் இல்லாமல் தானாக நடக்கும் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

அறிகுறி: ஃப்ளோட் இருக்கிறது, ஆனால் சைட்டில் வேலை நடக்கவில்லை

ஷீட்டில் 30-ஆம் நாள் மாலையிலிருந்து உட்பூச்சும் வெளிப்பூச்சும் சேர்ந்தே ஓடுகின்றன. மேஸ்திரியிடம் காட்டினேன். "ரெண்டு பக்கமும் நான்தான பூசணும்?" என்றார். அவ்வளவுதான் கோளாறு. வேலைக்கும் வேலைக்கும் உள்ள உறவைத்தான் ஷீட் அறியும். இரண்டையும் செய்வது ஒரே கோஷ்டி என்பது அதற்குத் தெரியாது.

ஒரே கோஷ்டி என்றால் உட்பூச்சு முடிந்துதான் வெளிப்பூச்சு. வெளிப்பூச்சுக்கு முன்வேலையாக 7-ஐயும் சேர்க்க வேண்டும், அதோடு உட்பூச்சின் LF-க்கு டைல்ஸ், வெளிப்பூச்சு இரண்டின் LS-இலும் சிறியதை எடுக்க வேண்டும். வெளிப்பூச்சு 38-இல் தொடங்கி 44-இல் முடியும். LF 46 மாறவில்லை. பத்தாக இருந்த ஃப்ளோட் இரண்டாகச் சுருங்கிவிட்டது. மொத்தம் இன்னும் 54-தான்.

அந்த இரண்டு நாள் ஃப்ளோட்டும் கொஞ்சம் இறுக்கமானதுதான். பூச்சு முடிந்த மறுநாளே வெளியே பெயின்ட் அடிக்கக் கூடாது. பெயின்ட்காரர் முதலில் உள்ளே பட்டி, பிரைமர் என்று தொடங்கி, வெளிச்சுவரைக் கடைசியாக எடுத்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். இதை அவரிடம் வாயால் சொல்லிவிட வேண்டும், தாள் சொல்லாது.

இன்னொன்று. கைப்பிடிச்சுவருக்கு 10, வெளிப்பூச்சுக்கு 10 என்று முதல் அட்டவணையில் இருந்ததைப் பார்த்து ஆளுக்குப் பத்து நாள் என்று நினைக்கக் கூடாது. ஒரே பத்துதான், இருவருக்கும் பொது. கைப்பிடிச்சுவர் 37-இல் தொடங்கினால் வெளிப்பூச்சு 40-க்குத்தான் கிடைக்கும். அப்போது அதற்கு மிச்சம் பூஜ்யம். அடுத்த வேலையைத் தொடாமல் எவ்வளவு தள்ளலாம் என்று பார்க்க, பின்வேலையின் ES-இலிருந்து இந்த வேலையின் EF-ஐக் கழியுங்கள். கைப்பிடிச்சுவருக்கு அந்த அட்டவணையில் 30−30 = 0. ஒரே கோஷ்டி கணக்கில் 38−30 = 8. ஆட்களிடம் தரும் தாளில் நான் இந்த எண்ணைத்தான் எழுதுவேன். மொத்த ஃப்ளோட் என் பையில் இருக்கும்.

அறிகுறி: ஃப்ளோட் மைனஸில் வருகிறது

வீட்டுக்காரர் இந்த நேரத்தில்தான் சொன்னார்: செப்டம்பர் 4, வியாழன் கிரகப்பிரவேசம். புரட்டாசி பிறந்தால் பிறகு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும், அப்போது இங்கே மழை தொடங்கிவிடும். பெயின்ட் 3-ஆம் தேதி மாலைக்குள் முடிய வேண்டும். விடுமுறைகளைக் கழித்தால் அது 49-ஆவது வேலைநாள். பெயின்ட்டின் LF-ஆக 49 என்று போட்டதும் கிரிட்டிக்கல் பாத் முழுக்க −5. வெளிப்பூச்சு −3. கதவு தயாரிப்பு 19-இலிருந்து 14.

இது பிழை இல்லை. பலர் இதைப் பார்த்துப் பயந்து LF-ஐ மறுபடி 54 ஆக்கிவிடுவார்கள், அல்லது பூச்சுக்கு 8 என்பதை 3 என்று அழித்து எழுதுவார்கள். ஷீட் சொல்வது ஒன்றுதான்: இந்தச் சங்கிலியில் ஐந்து நாளை எங்காவது உண்மையிலேயே குறைக்க வேண்டும். ஒன்றை மட்டும் சரிபாருங்கள். மைனஸ் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே எண்ணாக இருந்தால் அது கடைசித் தேதியின் வேலை. முதல் சில வேலைகளில் மட்டும் மைனஸ் இருந்தால், நடுவில் யாரோ ஒரு வேலைக்குச் சூத்திரத்தை அழித்துவிட்டுத் தேதியைக் கையால் அடித்திருக்கிறார்கள்.

எங்கே குறைப்பது? முட்டு நிற்கும் காலத்தில் கை வைக்கவே கூடாது, வீட்டுக்காரர் எவ்வளவு சொன்னாலும் சரி. கதவு தயாரிப்பை வேகப்படுத்தப் பணம் கொடுப்பதும் வீண். அதற்கு ஏற்கெனவே 14 நாள் மிச்சம். உட்பூச்சுக்கு இரண்டாவது கோஷ்டியை விட்டால் 8 என்பது 4 ஆகாது. சாரமும் கலவையும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும், 5 என்று வைத்தேன். மூன்று நாள் மிச்சம். பெயின்ட்டுக்கு ஆள் கூட்டினால் 8 என்பது 6. கோட்டுக்குக் கோட்டு காய வேண்டியிருப்பதால் அதற்குக் கீழே இறக்க மனம் வரவில்லை. இரண்டு நாள் மிச்சம்.

மறுபடி ஓட்டினேன். உட்பூச்சு 30–35, டைல்ஸ் 35–41, கதவு 41–43, பெயின்ட் 43–49. சங்கிலி முழுக்கப் பூஜ்யம். நாளைக் குறைத்ததும் வேறு எதுவும் புதிதாகக் கிரிட்டிக்கல் ஆகிவிட்டதா என்று பார்க்க வேண்டும், இதைத்தான் பலர் மறப்பார்கள். இரண்டாவது கோஷ்டி போன பிறகு, பழைய கோஷ்டி வெளிப்பூச்சை 35-இல் தொடங்கி 41-இல் முடிக்கும். LF 43. ஃப்ளோட் இரண்டு. அந்தச் செல்லுக்கு மஞ்சள் நிறம் அடித்து மேஸ்திரிக்கு அனுப்பினேன்.